நீத்துப்பெட்டியிடம் ஏழு கேள்விகள்

பழைய பொருளொன்றில் இருந்து புதுப் பொருள்களை யோசிக்க ஸ்கேம்பர் என்றொரு முறை இருக்கிறது. அலெக்ஸ் ஆஸ்போர்ன் எழுதிய கேள்விப் பட்டியலை பாப் எபர்லே ஏழாக ஒழுங்குபடுத்தித் தந்தார். எதற்குப் பதிலாக எதைப் போடலாம்? எதோடு சேர்க்கலாம்? எங்கிருந்து யோசனை எடுக்கலாம்? பெரிசாக்கலாமா, சிறிசாக்கலாமா? வேறெதற்குப் பயன்படும்? எதை நீக்கலாம்? எதைத் தலைகீழாக்கலாம்?

புளியங்குளத்தில் எங்கட பிள்ளைகளோடு பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை வைத்து இதைச் செய்து பார்த்தோம். முதல் விடை உடனே வந்தது: ஓலைக்குப் பதிலாக அலுமினியம். அங்கேயே நிறுத்தி, ஓலை என்ன வேலை செய்கிறது என்று கேட்டோம். அது ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், பின்னல் இடைவெளியால் ஆவியை விடும். உலோகச் சுவரில் ஆவி துளியாகி வழியும், ஓரத்துப் பிட்டு களியாகும். ஆகவே துளை போட்டாலும் உள்ளே ஒரு துணி வேண்டும்.

"தலைகீழாக்கு" என்றதும், கூம்பை விட்டுத் தட்டையாகப் பின்னலாம் என்றார்கள். ஆனால் கூம்பாக இருப்பதால்தான் அது சின்ன வாய், பெரிய வாய் என்று எந்தப் பானையிலும் இறுகி நிற்கிறது.

நிலைத்தவை இரண்டு: ஒரு ஆளுக்கான சின்னப் பெட்டி, கவிழ்த்துத் தொங்கவிடும் விளக்குக் கூடு. கூட்டுக்கு எல்இடி பல்ப் மட்டுமே. சூடாகும் பழைய பல்ப் ஓலையைக் கருக்கும்.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள், ஏழு கேள்விக்கு முன் ஒவ்வொரு பாகமும் செய்யும் வேலையை எழுதுங்கள். புது யோசனையில் அந்த வேலையை எது செய்கிறது என்று சொல்ல முடியாவிட்டால், அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.