மூன்று ஏமாற்று

நாக்பூரிலிருந்து வந்த டீம் தோழிக்கு மதிய இடைவேளையில் தமிழ் மரபுத்தொடர் சொல்லிக்கொடுத்தேன். ஆறு தொடர், ஆறு பொருள். சீட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டாம் நாளே முழு மதிப்பெண். எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம், குழாய் ரிப்பேரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த வீட்டு ஓனரிடம் போய், "அங்கிள், எனக்கு நாமம் போட்டுட்டீங்க" என்றிருக்கிறாள். "உன் பணத்த நான் எப்பம்மா தின்னேன்?" என்று அவர் முகம் சுருங்கிவிட்டதாம்.

தப்பு என்னுடையது. நாமம் போடுவது, தண்ணி காட்டுவது, காது குத்துவது மூன்றுக்கும் 'ஏமாற்றுதல்' என்றே எழுதியிருந்தேன். எதை எதோடு வைத்தாலும் சரிதானே!

பொருள் சீட்டுகளைக் கிழித்துவிட்டுக் காட்சிகள் எழுதினேன். கடன் வாங்கியவன் நம்பரையே மாற்றிவிட்டான்: நாமம். தையல்காரர் "நாளைக்கு வாங்க" என்று நாலு தடவை அலையவிடுகிறார்: தண்ணி. இருபது வயசுப் பையன் ரஜினியோடு படித்ததாக அளக்கிறான்: காது குத்து. 'ஏமாற்று' என்ற சொல் எந்தக் காட்சியிலும் வரக்கூடாது. தொடர் ஆறு, காட்சி எட்டு. சமமாக இருந்தால் கடைசி ஜோடி யோசிக்காமலே சேர்ந்துவிடும்.

இந்தமுறை நாலுதான் சரி.

"அப்ப ஓனர்கிட்ட 'தண்ணி காட்டுறீங்க'ன்னு சொல்லலாமா?"

"ஐயோ, வேணாம். அவரப் பத்தி என்கிட்ட சொல்லு."

ஒவ்வொரு காட்சியின் கீழும் 'யார், யாரிடம்' என்று இன்னொரு வரி சேர்த்தேன்.