பெயர் அச்சடிக்க முடியாத ஷூ

ஒரத்தநாடு பக்கத்தில் மோட்டார், பைப், பெயிண்ட் விற்கும் கடை என்னுடையது. பக்கத்து அரசுப் பள்ளியின் பெண்கள் கபடி அணிக்கு நான்கு வருடமாக ஏதாவது செய்து வருகிறேன். செய்ததைக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுகிறேன். கடைக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்ற ஆசையில்தான் தொடங்கினேன். அந்த ஆசை இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் முதல் வருடம் நான் போட்ட பதிவால் கெட்ட பெயர்தான் வந்தது.

அந்த வருடம் யாரையும் கேட்காமல் ஜெர்சி என்று நானே முடிவு செய்தேன். ஜெர்சியில்தானே கடைப் பெயரைப் போட முடியும்! திருப்பூரில் சொல்லிப் பதினான்கு செட் தைத்தேன். நெஞ்சில் கடைப் பெயர் பெரிதாக இருந்தது, முதுகில் எண் சிறிதாக இருந்தது. பள்ளித் திடலில் ஃபிளெக்ஸ் கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவருக்கும் நான் கொடுப்பதுபோலப் படம் எடுத்தோம். ஃபோட்டோகிராஃபர் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். ‘வறுமையில் வாடும் மாணவிகளின் வாழ்வில் ஒளியேற்றிய எங்கள் நிறுவனம்’ என்று எழுதிப் போட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு பாட்டி கடைக்கு வந்தார். பேத்தி அந்த அணியில் ஆடுகிறவள். “தம்பி, எங்க வீட்டுப் புள்ள சோத்துக்கு இல்லாம இருக்குன்னு உங்ககிட்ட யாரு சொன்னது? ஊரு பூராவும் செல்லுல பாத்துட்டுக் கேக்குறாங்க.” சத்தம் போட்டுக்கூடப் பேசவில்லை. பதிவை அவர் முன்னாலேயே அழித்தேன். அழித்ததும் போய்விட்டாரே தவிர, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மகன் அதுவரை என் கடையில்தான் பைப் வாங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போனார்.

ஜெர்சியும் நிலைக்கவில்லை. எண்ணும் எழுத்தும் துணியோடு சேர்ந்த அச்சு இல்லை, சூட்டில் ஒட்டிய ஸ்டிக்கர். கபடியில் பிடிபட்டவள் திமிறும்போதெல்லாம் துணி தரையில் உரசும். நாலு ஆட்டத்தில் எழுத்து உரிந்தது, அக்குள் தையலும் விட்டது. முதுகு எண்ணை நடுவரால் தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை என்று புகார் வேறு.

அடுத்த வருடம் முதல் வேலையாக உடற்கல்வி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். “என்ன வேணும்னு சொல்லுங்கம்மா, அதைச் செய்றேன்” என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “ஜெர்சி பழசு கிடக்குதுண்ணே, தச்சுக்கிட்டு ஆடிடுவாங்க. ஷூதான் இல்ல.”

எனக்குப் புரியவில்லை. கபடிக்கு எதற்கு ஷூ? அவர் சொல்லித்தான் தெரிந்தது. நம் பிள்ளைகள் மண் திடலில் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். கால் விரல்களை மண்ணில் ஊன்றித்தான் பாய்வதும் திரும்புவதும். குறுவட்டப் போட்டி வரை பெரும்பாலும் மண்தான், சிக்கல் இல்லை. அதைத் தாண்டி மேட் விரித்த ஆட்டத்துக்குப் போனால், வியர்வை பட்ட மேட்டில் வெறுங்கால் வழுக்கும், இல்லை உரசித் தோல் எரியும். ஓட்டத்துக்கான ஷூவும் அங்கே உதவாது. அடிப்பாகம் தடித்திருந்தால் திரும்பும்போது கணுக்கால் பிசகும். மெல்லிய ரப்பர் அடியும், மேட்டைப் பிடிக்கும் வரிகளும், கணுக்காலை அணைத்த உயரமும் உள்ள மேட் ஷூ வேண்டும்.

ஷூவில் கடைப் பெயரைப் போட இடமில்லை. வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி யோசித்தேன் என்பதை மறைப்பானேன்.

வாங்குவதிலும் பாடம் இருந்தது. பாதி பிள்ளைகளுக்குத் தங்கள் கால் அளவு தெரியாது. செருப்பு அளவை வைத்து வாங்கினால் தப்பாகும், ஏனென்றால் வெறுங்காலில் வளர்ந்த பாதம் முன்பக்கம் அகலம். டீச்சர் பழைய நாளிதழை விரித்து, சாயங்காலப் பயிற்சி முடிந்த பிறகு ஒவ்வொருவர் காலையும் பென்சிலால் வரைந்தார். கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் சரியான அளவாம். அந்தத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். ஜோடி 800 ரூபாய் வீதம் பன்னிரண்டு ஜோடி, 9,600 ரூபாய். முழங்கால் உறை பன்னிரண்டு ஜோடிக்கு 1,800. கையில் வைத்திருந்த 15,000-இல் மீதம் 3,600. அந்தப் பணத்தில், மேட் இருந்த ஒரு கல்லூரிக்கு இரண்டு சனிக்கிழமை வேன் வைத்தோம். புது ஷூவை நேரே போட்டிக்குப் போட்டுப் போனால் கொப்புளம்தான் மிஞ்சும் என்று டீச்சர் பிடிவாதமாக இருந்தார். முதல் சனிக்கிழமை அது எவ்வளவு உண்மை என்று கண்ணால் பார்த்தேன். எங்கள் சிறந்த ரெய்டர் போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டியவள், விரலுக்குத் தரை தட்டுப்படாமல் இரண்டு முறை தடுமாறினாள். இரண்டாம் சனிக்கிழமைதான் அவளுக்குக் கால் பழகியது.

ஷூக்கள் யாருக்கும் தனியாகச் சொந்தம் இல்லை, பள்ளிக்குத்தான். ஒரு சாக்கில் போட்டு விளையாட்டு அறையில் இருக்கும். கால் வளர்ந்தவள் கழற்றிக் கொடுப்பாள், அடுத்தவள் எடுத்துக்கொள்வாள்.

இனிப் பதிவுக்கு வருகிறேன். ஷூ விஷயத்தில் நான் எழுத உட்கார்ந்தபோது, முதல் வருடம் போலச் சொற்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. சொல்ல விஷயம் இருந்தது. நான் போட்டது இதுதான்:

‘நம்மூர்ப் பள்ளிப் பெண்கள் கபடி அணிக்கு மேட் ஷூ 12 ஜோடி, முழங்கால் உறை 12 ஜோடி, பயிற்சிக்குப் போக இரண்டு நாள் வேன். மொத்தம் 15,000 ரூபாய், எங்கள் கடை கொடுத்தது. என்ன வாங்குவது என்று முடிவு செய்தது உடற்கல்வி ஆசிரியர். மண்ணில் ஆடியவர்கள் மேட்டுக்கு மாறுவது லேசில்லை, முதல் நாள் வழுக்கினார்கள். மாவட்டப் போட்டி அடுத்த வாரம்.’

படம், வரிசையாக வைத்த பன்னிரண்டு ஜோடி ஷூவும் பக்கத்தில் பென்சில் கோடு போட்ட நாளிதழும். ஒரு முகமும் இல்லை. ‘ஏழை’ இல்லை, ‘ஒளி’ இல்லை. தொகையைச் சொன்னதில் சிலருக்குக் கூச்சம், பீற்றல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொகை சொல்லாத பதிவில் பதினைந்தாயிரம் ஒன்றரை லட்சம் போலத் தெரியும். உள்ளதைச் சொன்னால் படிக்கிறவர் அளவோடு நினைத்துக்கொள்வார்.

முகம் போடுவது தனி விஷயம். தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கிறேன். பெற்றோரிடம், எந்தப் படம், எங்கே போடுவேன் என்று காட்டிக் கையெழுத்து வாங்கித் தரும்படி டீச்சரிடம் சொல்கிறேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்கள் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், பாட்டி வந்துபோன பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை. கையெழுத்து வந்தாலும் பெயரும் வகுப்பும் ஊரும் சேர்த்து எழுதமாட்டேன். முதுகுப் பக்கம் தெரிகிற ஆட்டப் படமே போதும். யாராவது எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுவேன்.

மாவட்டப் போட்டியில் அரையிறுதியில் தோற்றார்கள். இடைவேளை வரை சமமாகத்தான் ஆடினார்கள். இரண்டாம் பாதியில் ஏழு பேரும் வெளியேறி லோனா விழுந்தது. எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி. கடைசியில் நான்கு புள்ளி வித்தியாசம். அன்று ராத்திரி எதுவும் போட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தோற்ற அணியோடு கடைப் பெயரைச் சேர்ப்பதா? ஆனால் முந்தைய பதிவில் ‘அடுத்த வாரம் போட்டி’ என்று நானேதான் எழுதியிருந்தேன். ஜெயித்தால் சொல்வேன், தோற்றால் வாயை மூடிக்கொள்வேன் என்றால் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன் என்பது பொய்யாகிவிடும். தோற்றதை, லோனா விழுந்ததை, நான்கு புள்ளியை அப்படியே போட்டேன். ‘எங்கள் ஆதரவு தொடரும்’ என்ற வால் வேண்டாம் என்று விட்டேன். தொடர்ந்தால் அடுத்த வருடம் தெரிந்துவிடுமே.

மூன்றாவது பதிவு ஐந்து மாதம் கழித்து. ஷூ எப்படி இருக்கிறது என்று. இரண்டு ஜோடிக்கு அடி பிரிந்திருந்தது. செருப்புத் தைப்பவரிடம் ஒட்டித் தைத்த படத்தோடு போட்டேன். கொடுத்த அன்று எல்லாரும் படம் எடுப்பார்கள், ஐந்து மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பவர் குறைவு. அதனால்தானோ என்னவோ, என் மூன்று பதிவுகளில் மனிதர்கள் கடைக்கு வந்து நேரில் பேசியது இதைப் பற்றித்தான்.

அந்தப் பதிவுகளுக்குக் கீழே ‘மோட்டாருக்கு 10 சதவீதம் தள்ளுபடி’ என்று சேர்ப்பதில்லை. யாராவது கமெண்டில் விலை கேட்டால் தனியாகப் பதில் சொல்வேன். ஒருவர் “எல்லாம் விளம்பரம்தானே?” என்று கேட்டிருந்தார். “ஆமாங்க, கடைக்குப் பேர் வரணும்னும்தான். ஷூ சாக்கு பள்ளியில இருக்கு, போய்ப் பாக்கலாம்” என்று எழுதினேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

வியாபாரம் கூடியதா என்று கேட்பார்கள். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, கபடியைப் பற்றிப் பேச்செடுத்து வந்தவர்களைக் குறித்தேன். ஒரு வருடத்தில் பதினொரு பேர். அதில் பொருள் வாங்கியவர் நான்கு பேர். அந்த 15,000 ரூபாய் லாபமாகத் திரும்பவில்லை. உடனே விற்பனை வேண்டுமென்றால் தீபாவளிக்கு நோட்டீஸ் அடிப்பதே மேல். இதில் கிடைப்பது வேறு. பெயிண்டில் ஒரு டப்பா நிறம் மாறிப்போனது என்று வருகிறவர், சண்டைக்கு முன்னால் என்னிடம் காரணம் கேட்கிறார். அதற்கு நோட்டில் கணக்கு எழுத முடியவில்லை.

பதிவை எழுதியதும் முதலில் டீச்சருக்குத்தான் அனுப்புகிறேன். நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் படித்து முகம் சுளிக்காவிட்டால் போடலாம் என்பது என் அளவுகோல். இந்த வருடம் ஷூவோடு ஜெர்சியும் கொடுத்தோம். துணியிலேயே ஏறிய அச்சு, முதுகில் பெரிய எண், கடைப் பெயர் கைமடிப்பில் சிறிதாக. ஐந்து வரி எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

“நல்லாருக்குண்ணே. கடைப் பேரு ரெண்டு எடத்துல வருது. ஒண்ணு போதும்.”