சித்திரையில் எடுத்த அளவு

"மார்கழியில தொட்டா ஒண்ணும் இல்லைங்க. பங்குனி பாதி தாண்டுச்சுன்னா ஸ்டார்ட்டர் பெட்டி எர்த் அடிக்குது" என்றார் தோட்டத்து அம்மா. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் மோட்டார் போடுவாராம். போன வருஷமும் இப்படித்தான் ஆனது. ஐப்பசி மழை பிடித்ததும் தானாகவே நின்றுபோக, எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி. ஒரு பக்கம் ஜருகுமலை, இன்னொரு பக்கம் ஒரு காலத்தில் சேலம் நகருக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி. நான் போனது சித்திரை முதல் வாரம். பொழுது ஏறும் முன்பே அரளி மொட்டு பறித்து முடித்திருந்தார்கள். பாக்குத் தோப்புக்குள் மட்டும் ஈரம் இருந்தது. வரப்பைத் தாண்டினால் செம்மண் வெடித்துக் கிடந்தது. மோட்டார் கொட்டகை அந்தக் காய்ந்த பக்கத்தில்தான் இருக்கிறது, எர்த் குழியும் அதை ஒட்டித்தான்.

என்னைக் கூட்டிப்போன ஒயர்மேன் அண்ணனுக்கு இந்த வேலையில் முப்பது வருஷப் பழக்கம். உதவிக்கு அவருடைய அக்கா மகன் வந்திருந்தான். அண்ணன் பெட்டியைத் தொடவில்லை. மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். 0.4 ஆம்பியர் காட்டியது.

"இந்தக் கம்பியில ஒண்ணுமே ஓடக் கூடாது சார். மோட்டார் எங்கியோ கசியுது. ஆனா கசிவு வருஷம் பூரா ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். மார்கழியில ஏன் அடிக்கலை? அதுதான் இப்ப பார்க்கணும்."

மெயினை இறக்கி, ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எர்த் கம்பியைக் குழியின் பைப்பிலிருந்து கழற்றினார். கழற்றாமல் அளந்தால், அந்தக் கம்பியோடு சேர்ந்திருக்கும் மற்ற இரும்பெல்லாம் கணக்கில் வந்து எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். பிறகு பையிலிருந்து எர்த் டெஸ்டரை எடுத்தார். கைப்பிடி சுற்றும் பழைய மாடல். ஒரு முனையைக் குழிப் பைப்பில் மாட்ட வேண்டும். மற்ற இரண்டு முனைகளிலிருந்தும் ஒயர் இழுத்து, ஒரே கோட்டில் மண்ணில் அடிக்கும் இரண்டு இரும்பு முளைகளில் மாட்ட வேண்டும். தூரத்து முளைக்கும் குழிக்கும் நடுவே டெஸ்டர் மின்சாரம் அனுப்பும். நடு முளை அதனால் எழும் வோல்டேஜைப் பார்க்கும். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் ஓம்.

அதற்குள் அந்த அம்மா ஒரு குடம் தண்ணீரோடு வந்துவிட்டார். "குழியில ஊத்தட்டுமா தம்பி? எர்த் பார்க்க வந்தாங்கன்னா ஊத்தச் சொல்லுவாங்களே."

"குழியில வேண்டாம்மா. அந்த முளை ரெண்டுத்துக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார் அண்ணன். எனக்கு வேடிக்கையாக இருந்தது. முளைகள் அளவுகோல் மாதிரி. மண் வறண்டு அவை சரியாகப் பிடிக்காவிட்டால் டெஸ்டரால் போதிய மின்சாரம் அனுப்ப முடியாது, முள் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே தண்ணீர் ஊற்றலாம். குழியில் ஊற்றினால் அளக்க வந்த பொருளையே மாற்றிவிட்டு அளப்பதாகிவிடும். அந்தத் தண்ணீர் இரண்டு நாளில் காய்ந்துவிடும். குறித்து வைத்த எண் மட்டும் பேரேட்டில் நிற்கும்.

பையன் வேலையைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தான். தூரத்து முளையை ஐந்து மீட்டரிலும் நடு முளையை மூன்று மீட்டரிலும் அடித்துவிட்டான். கைப்பிடியைச் சுற்றினால் 51 ஓம். அண்ணன் எதுவும் சொல்லாமல் நடு முளையை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினார். 46. நாலு மீட்டருக்குக் கொண்டுபோனார். 60.

"எதுடா சரி?"

பையன் தலையைச் சொறிந்தான். "தெரியல மாமா."

"எதுவுமே சரின்னு சொல்ல முடியாது. குழியைச் சுத்தி ஒரு வட்டம், கடைசி முளையைச் சுத்தி ஒரு வட்டம். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குது."

ஒயரை முழுக்கப் பிரித்து 30 மீட்டரில் தூரத்து முளையை அடித்தார்கள். நடு முளைக்கு அதில் நூற்றுக்கு 62 பங்கு தூரம், அதாவது பதினெட்டரை மீட்டர். 52 ஓம் வந்தது. மூன்று மீட்டர் முன்னால் தள்ளினாலும் பின்னால் தள்ளினாலும் ஒரு ஓம்கூட மாறவில்லை. முளையை நகர்த்தியும் எண் நகராத இடம் கிடைத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். ஐந்து மீட்டரில் வந்த 51 இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அது தற்செயல், முளை ஒரு மீட்டர் தள்ளிப் போயிருந்தால் ஏமாந்திருப்போம்.

அண்ணன் ஒரு நீள நோட்டைப் புரட்டினார். இதே குழியை நாலு மாதத்துக்கு முன், ஸ்டார்ட்டர் மாற்ற வந்தபோது, மார்கழியில் அளந்திருக்கிறார். பென்சிலில் 14 என்று இருந்தது.

எனக்கு அங்கேதான் புதிர் அவிழ்ந்தது. கசியும் 0.4 ஆம்பியர் இந்தக் குழி வழியாகத்தான் மண்ணுக்குள் போக வேண்டும். 14 ஓமில் போகும்போது பெட்டியில் நிற்பது ஐந்தரை வோல்ட், கைக்குத் தெரியாது. அதே கசிவு 52 ஓமில் போனால் 21 வோல்ட். ஈரக் கையோடு, செருப்பில்லாத காலோடு தொட்டால் சுருக்கென்று தெரியும். மோட்டார் மாறவே இல்லை. அதன் காலடியில் மண்தான் மாறியிருக்கிறது.

ஆனால் ஏறக்குறைய நாலு மடங்கு ஏன் மாற வேண்டும்? குழியின் மூடியைத் தூக்கிக் கடப்பாரையால் ஓரமாகத் தோண்டிப் பார்த்தோம். ஐந்தடிக்குக் கீழே பைப் இல்லை. எப்போதோ போட்டவருக்கு அந்த ஆழத்தில் சுக்காம்பாறை தட்டியிருக்கிறது. பத்தடிப் பைப்பைப் பாதியாக அறுத்துவிட்டார். மேலே பார்த்தால் புனல், கரி, உப்பு, சிமென்ட் மூடி எல்லாம் முறையாக இருந்தது.

சேலத்துச் சமவெளியில் இது அடிக்கடி நடப்பதுதான். செம்மண் மெல்லிய போர்வை மாதிரி, அதன் கீழே கல். வெயிலில் காய்வது அந்தப் போர்வைதான். நீளப் பைப்பின் கீழ்ப்பாதியாவது காயாத ஆழத்தில் நிற்கும். குட்டைப் பைப் முழுவதும் காய்கிற மண்ணிலேயே நிற்கிறது. போதாததற்கு, ஒரு பைப்பின் தடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதைச் சுற்றியுள்ள ஒரே ஒரு அடி மண்ணில்தான் இருக்கிறது. அந்த ஓரடி காய்ந்தால் மீதித் தோட்டம் எப்படி இருந்தாலும் பயனில்லை. உப்பு அந்த ஓரடியைச் சில காலம் நல்லதாக வைத்திருக்கும். பிறகு ஒவ்வொரு மழையிலும் கரைந்து போகும், போகிற போக்கில் பைப்பின் துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடும்.

"மழைக்கு எறங்குச்சுன்னா கோளாறு மண்ணுல. மழை பேஞ்சும் எறங்கலைன்னா போல்ட்டைப் பாரு" என்றார் அண்ணன் பையனிடம். பக்கத்துத் தோட்டத்தில் மழைக்காலத்திலும் 90 ஓம் காட்டிய ஒரு குழியைப் பற்றிச் சொன்னார். டெஸ்டரைக் கம்பி முனையில் மாட்டினால் 90, பைப்பின் தலையிலேயே மாட்டினால் 20. இடையில் இருந்த துருப்பிடித்த போல்ட் ஒன்றே 70 ஓம். இங்கே இரண்டு இடத்திலும் 52தான், ஆகவே இணைப்பு நன்றாக இருக்கிறது.

நான் கேட்டேன்: "அப்ப எத்தனை ஓம் இருந்தா நல்லதுண்ணா?"

நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மோட்டாருக்குள் ஒரு ஃபேஸ் முழுசாகவே பாடியில் ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரம் நம் குழியில் இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு 5 ஓம். 52-ம் 5-ம் சேர்ந்தால் 57. 230 வோல்ட்டை 57-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். இங்கே இருப்பது 20 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கு 4 ஆம்பியர் போவதே தெரியாது. பெட்டியில் 210 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும்.

"மார்கழிக் கணக்கும் போடுங்க" என்றேன். 14-ம் 5-ம் 19. 12 ஆம்பியர். ஃபியூஸ் அப்போதும் போகாது. பெட்டியில் 170 வோல்ட்.

நல்ல எண் என்று நான் நினைத்திருந்த 14-ம் ஆளைக் காப்பாற்றியிருக்காது. 5 ஓமுக்கு இறக்கினாலும் 23 ஆம்பியர்தான் வரும். 20 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு உடனே உருகாது. ஆக, குழியும் ஃபியூஸும் மட்டும் இருந்தால் இந்த ஊர் மண்ணில் கணக்கு உதைக்கிறது. கசிவைக் கண்டதும் தானாக இறங்கும் ஈஎல்சிபி வேண்டும். 100 மில்லி ஆம்பியரில் விழுகிற ஒன்றை மாட்டினால், சித்திரையின் 52 ஓமிலும் அது விழுகிற கணத்தில் பெட்டியில் சுமார் 5 வோல்ட்தான் இருக்கும். குழியின் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, அதன் முன்னால் என்ன மாட்டியிருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எந்த மாதத்து எண்ணைப் படிப்பது என்பதற்குப் பழைய விதியிலேயே பதில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 61-ஆவது விதி, மின்சாரம் வழங்குவோர் தங்கள் எர்த்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது, வறண்ட பருவத்தில், வறண்ட நாளில் அளக்க வேண்டும் என்றது. தோட்டத்துக் குழிக்கும் அந்த நியாயம் பொருந்தும். மழைக்காலத்தில் எடுத்த எண் குழிக்குக் கொடுக்கும் சலுகை.

வேலையை வரிசையாகச் செய்தார்கள். முதலில் மோட்டாரை மேலே இழுத்தார்கள். போர்வெல்லுக்குள் கேபிள் இணைப்பில் சுற்றியிருந்த டேப் ஊறிப் போயிருந்தது, கசிவு அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் ஈஎல்சிபி மாட்டினால் போட்டதும் விழும். எரிச்சலில் யாராவது அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது குழி. கேசிங் இரும்பாக இருந்திருந்தால் அதையே துணைக்குச் சேர்த்திருக்கலாம், இங்கே பிளாஸ்டிக். அண்ணன் பழைய குழியோடு மல்லுக்கட்டவில்லை. பாக்குத் தோப்பின் ஈர ஓரத்தில், கையால் திருகும் துளைப்பானால் இரண்டு துளை. இரண்டாவது ஆறடியில் கல்லில் முட்டியது, நாலு முழம் தள்ளிப் போட்டதில் பத்தடி இறங்கியது. உப்புக்குப் பதில் பென்டோனைட் களியைக் கரைத்து ஊற்றினார்கள். இரண்டு பைப்புக்கும் நடுவே இருபதடி. நெருக்கிப் போட்டால் ஒன்றின் மண்ணை இன்னொன்று பங்குபோட்டுக்கொள்ளும்.

வைகாசியில் மறுபடி போனேன். புதுப் பைப்புகள் தனித்தனியே 18, 19 ஓம். பாதியாக 9 வரும் என்று பையன் எதிர்பார்த்தான், சேர்த்தபோது வந்தது 11. இருபதடி தள்ளியும் கொஞ்சம் பங்கு போகத்தான் செய்கிறது. அந்த அம்மா வெறுங்கையால் மோட்டாரைப் போட்டார்.

அண்ணன் நோட்டை எடுத்து எழுதினார்: "வைகாசி, 11, தண்ணீர் பாய்ச்சி 4 நாள்." அதற்குக் கீழே இன்னொரு வரியில் "தண்ணீர் பாய்ச்சாதபோது" என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டார். போர்வெல் வற்றித் தோப்பு காய்கிற வருஷம் வந்தால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்றார்.