நோட்டில் எழுதிய மூன்று வாரம்

நீச்சல் குளத்தில் கோச் கத்துவது சகஜம். தண்ணீர்ச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. அதனால் என் மகள் அழுதபோது முதலில் நானும் பொருட்படுத்தவில்லை. பாவி நான், அவளையே சமாதானப்படுத்தினேன்.

ஒருநாள் கேலரியில் உட்கார்ந்து கோச் பேசுவதைக் கேட்டேன். "முழங்கையை உயர்த்து" என்பது திருத்தம். "எருமை மாதிரி உடம்பு, உனக்கெல்லாம் எதுக்கு நீச்சல்" என்று மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது திருத்தமே இல்லை. பதினொரு வயதுக் குழந்தை அவள்.

அன்றிரவே ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். நான் கேட்டது தனி, மகள் சொன்னது தனி. "திட்டினாரா?" என்று கேட்காமல், "இன்னைக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். பயிற்சி நாளில் மட்டும் வரும் வயிற்றுவலியையும் குறித்தேன். வீடியோ எடுக்கவில்லை, மற்ற பிள்ளைகளும் அதில் பதிவாகிவிடுவார்கள்.

மூன்று வாரத்தில் ஏழு பதிவுகள். "கோச் மோசம்" என்று எழுதாமல், அந்த ஏழு பதிவுகளையும் அப்படியே நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் கேட்டேன். இன்னும் இரண்டு பெற்றோர் தங்கள் குறிப்புகளைத் தனியாக அனுப்பினார்கள். இப்போது வேறொரு கோச் வருகிறார்.

நிர்வாகம் அசையாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. தன் பொறுப்பிலுள்ள குழந்தையைத் துன்புறுத்தித் தேவையற்ற மனவேதனைக்கு ஆளாக்குவது, 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம். அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.