மாத்திரை போட்டாயா என்று கேட்காதே

துணை சுகாதார நிலையத்தில் பயிற்சிக்கு என்னை ஒரு கிராம சுகாதார செவிலியரிடம் சேர்த்துவிட்டார்கள். ஊரே அவரை நர்சம்மா என்று அழைத்தது, நான் அக்கா என்றேன். அவர் எனக்குச் சொன்ன முதல் விதி: "மாத்திரை போட்டியான்னு கேக்காத. எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க."

பிறகு என்ன கேட்பது? அதை ஒரு பெண்ணின் விஷயத்தில்தான் கற்றுக்கொண்டேன். அவருக்கு இரண்டாவது கர்ப்பம், 20ஆவது வாரம். முதல் குழந்தைக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் வெளுப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்கிறார் என்றார் மாமியார். அதைக் கேட்டதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அரிசி, மண், சாம்பல் மேல் வரும் ஆசை பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

எச்.பி. 8.6 இருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை மிதமானது, 7க்குக் கீழே கடுமையானது, அது மருத்துவமனையில் பார்க்க வேண்டியது. விரல் குத்தும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும், முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். ரத்தம் வரவில்லையென்று விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும்.

60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை தினம் இரண்டு என்று மருத்துவ அலுவலர் எழுதினார். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் 8.9. ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும்.

அக்கா வீட்டுக்கே போய் உட்கார்ந்தார். "மலம் என்ன நிறத்துல போகுது கண்ணு?" என்று கேட்டார். வழக்கம்போலத்தான் என்றார் அந்தப் பெண். இரும்பு மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் மலம் கறுக்கும். அட்டைகளை வாங்கி எண்ணினோம், பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் போட்டதும் குமட்டியதாம். மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டில் வேறு சொல்லியிருக்கிறார்கள். போட்ட நாள்களிலும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து, டீயில் விழுங்கியிருக்கிறார். கால்சியமும் டீயும் இரும்பைக் குடலில் ஏறவிடாமல் தடுப்பவை.

அக்கா அதட்டவில்லை, நேரத்தை மாற்றினார். கால்சியம் காலைச் சாப்பாட்டோடும் மதியச் சாப்பாட்டோடும். இரும்பு மாத்திரை பதினோரு மணிக்கு எலுமிச்சைச் சாறோடு ஒன்று, இரவு சாப்பிட்டுப் படுக்கும்போது ஒன்று. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் இரும்பு சற்றுக் குறைவாகத்தான் சேரும், ஆனாலும் குமட்டலுக்குப் பயந்து நிறுத்துவதைவிட அது மேல். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் பழமும் கூடுதலாகச் சொன்னார். மலம் கறுப்பது மாத்திரையின் நிறமே தவிரக் குழந்தைக்கு அதில் ஒன்றுமில்லை என்பதை மாமியாரையும் உட்காரவைத்து விளக்கினார். தார்போல ஒட்டிக்கொண்டு நாற்றத்தோடு, வயிற்றுவலியும் சேர்ந்து போனால் மட்டும் அது வேறு, உடனே வரச் சொன்னார். குடற்புழு மாத்திரை இரண்டாம் மூன்று மாதத்தில் கொடுப்பது, அதுவும் போடாமல் கிடந்தது. அங்கேயே போடவைத்தோம்.

உணவு என்றதும் மாமியார் பீட்ரூட்டையும் மாதுளையையும் காட்டினார். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கையை நான் போன வீடுகளிலெல்லாம் கேட்டேன். அவற்றில் இரும்பு கொஞ்சம்தான். கொல்லையில் நின்ற முருங்கைக் கீரையைப் பருப்போடு சமைத்து எலுமிச்சை பிழிந்துகொள்ளவும், உடன் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ தின்னவும் சொன்னார் அக்கா. கீரையில் உள்ள இரும்பு எளிதில் சேராது, புளிப்புப் பழத்தில் உள்ள வைட்டமின் சி அதைச் சேர வைக்கும். மீனும் கறியும் சாப்பிடும் வீடானால் அதிலுள்ள இரும்பு இன்னும் சுலபமாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடிப்பதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். ஆனால் 8.6ஐச் சாப்பாடு மட்டும் 11 ஆக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அடுத்த மாதம் 10.1. மலம் கறுத்திருந்தது, அரிசி மெல்வது நின்றிருந்தது.

ஒழுங்காகப் போட்டும் ஏறாவிட்டால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது, மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தலசீமியா போன்ற வேறு காரணம் இருக்கலாம். பிரசவம் நெருங்கிவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை மருத்துவர் முடிவு செய்வார்.

எச்.பி. 11ஐத் தொட்டதும் நம் வேலை முடிவதில்லை. தினம் ஒரு மாத்திரை பிரசவம்வரை தொடர வேண்டும், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் வேண்டும். அட்டையைக் கையில் கொடுக்கும்போது இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய்போலத் தெரியும், நாலைந்தை ஒன்றாக விழுங்கினாலே ஆபத்து. பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.