மூடி ஏன் சிக்குகிறது?

சோழி போட்டுவைக்க, த்ரீடி பிரிண்டரில் இழுப்பு மூடி போட்ட டப்பா செய்யலாம். ஆனால் திரையில் துளை 10 மி.மீ., முளை 10 மி.மீ. என்று வரைந்தால், அச்சான பிறகு முளை நுழையாது. உருகிய பிளாஸ்டிக் பிதுங்குவதால் துளை சுருங்கும், முளை பருக்கும். பல மணி நேர அச்சு வீண்!

அதனால் முதலில் ஒரு சோதனைத் துண்டு. சிறு பட்டையில் 10.1 முதல் 10.6 வரை ஆறு துளைகள், தனியாக 10 மி.மீ. முளை ஒன்று. 10.2-ல் சுத்தியல் தேவைப்பட்டு, 10.3-ல் கையால் அழுத்தினால் இறுகி, 10.4-ல் வழுக்கிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசையாத இணைப்புக்கு 0.3 இடைவெளி. மூடிக்கு 0.4, அதாவது பக்கத்துக்கு 0.2.

எல்லாத் துளையும் இறுக்கமா? அடிப்பக்கத்தைப் பாருங்கள். முதல் அடுக்கு நசுங்கி, விளிம்பு வெளியே தள்ளியிருக்கும். அதைச் சீவிவிட்டுத்தான் அளவை நம்ப வேண்டும். பிளாஸ்டிக் சுருளை மாற்றினால், சோதனையும் மறுபடி!