ஜிங்க் குறைவு என்றது ரிப்போர்ட்

மார்ச் 4, கோவை

அலுவலக முகாமில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஜிங்க் 64 மைக்ரோகிராம், பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘குறைவு’. பி12 168, அதுவும் குறைவு. மக்னீசியம் 1.9 மில்லிகிராம், இயல்பு. ஜிம்மில் மாஸ்டரிடம் காட்டினேன்.

“அக்கா, நீண்ட ஓட்டம் ஓடுற அன்னிக்கு ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதுன்னு சொன்னீங்கல்ல? ஜிங்க்கும் மக்னீசியமும் சேர்ந்த மாத்திரை போடுங்க. கூடவே ஒரு மல்டிவைட்டமின்.”

அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மார்ச் 6

டாக்டர் எண்களைப் பார்க்குமுன் ரத்தம் எடுத்த நேரத்தைப் பார்த்தார். காலை 11.10.

“சாப்பிட்டிருந்தீங்களா?”

வெண்பொங்கல் சாப்பிட்டிருந்தேன்.

“உடம்பு எப்படி இருந்துச்சு?”

காய்ச்சல் அப்போதுதான் விட்டிருந்தது. அதே ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. 18 இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். உடலில் அழற்சி இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அவர் விளக்கியதை இங்கே எழுதி வைக்கிறேன். ரத்தத்தில் ஓடும் ஜிங்க் காலை வெறும் வயிற்றில் கூடுதலாக இருக்கும், சாப்பிட்டால் இறங்கும். தொற்று வந்தாலோ, உடல் அதை ரத்தத்திலிருந்து எடுத்துக் கல்லீரலுக்குள் வைத்துக்கொள்ளும். அப்போது அளந்தால் வெளியே நிற்பது மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. பெண்களுக்கு 70 என்ற எல்லையே காலை வெறும் வயிற்று ரத்தத்துக்கானது. எனக்கு எடுத்ததோ சாப்பிட்ட பிறகு, காய்ச்சலை அடுத்து. “இந்த எண்ணை வெச்சு மாத்திரை எழுத மாட்டேன். மூணு வாரம் கழிச்சு, வெறும் வயித்துல, முதல் நாள் கடுமையான உடற்பயிற்சி இல்லாம எடுங்க. அதுவரைக்கும் ஜிங்க் உள்ள எதையும் தொடாதீங்க” என்றார். பரிசோதனைக் கூடத்தில் நுண்தாதுக்களுக்கென்று இருக்கும் தனிக் குழாயில் எடுக்கச் சொல்லவும் நினைவூட்டினார். சாதாரணக் குழாயின் மூடியிலிருந்து ஜிங்க் கலந்தால் எண் பொய்யாக உயரும்.

மார்ச் 7

மக்னீசியத்தின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. ஜிங்க்கில் ‘குறைவு’ என்ற சொல்லை நம்ப முடியவில்லை. மக்னீசியத்தில் ‘இயல்பு’ என்பதை முழுதாக நம்ப முடியாது. உடலில் உள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை. பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி தசையில். எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாவது ரத்த அளவை உடல் காப்பாற்றிக்கொள்ளும்.

அதனால்தான் நேற்று டாக்டர் அடுக்கடுக்காகக் கேட்டார்: அமிலத்துக்கான மாத்திரை மாதக்கணக்கில் போடுகிறீர்களா, நீர் பிரியும் மாத்திரை உண்டா, சர்க்கரை நோய் உண்டா, வயிற்றுப்போக்கு அடிக்கடி வருமா? மக்னீசியம் வீணாகும் வழிகள் இவைதாம். என்னிடம் எதுவும் இல்லை. மக்னீசியம் மிகவும் இறங்கினால் கூடவே இறங்கும் பொட்டாசியமும் கால்சியமும் சரியாகவே இருந்தன. கேழ்வரகு, பயறு, கீரை, முந்திரி எல்லாம் வீட்டில் புழங்குகின்றன. உடற்பயிற்சியால் வரும் தசைப்பிடிப்புக்கு மக்னீசியம் உதவுமா என்று 2020-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தேடியபோது, அதைச் சோதித்த முறையான ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மாத்திரை வேண்டாம் என்றார். நீண்ட ஓட்டத்தின் தூரத்தைக் குறைத்துப் படிப்படியாகக் கூட்டச் சொன்னார்.

மார்ச் 27

மறுபரிசோதனை. காலை 7.30, வெறும் வயிறு. ஜிங்க் 82, சி.ஆர்.பி. இயல்பு. ஒரு மாத்திரையும் போடாமல் வந்த எண் இது.

போட்டிருந்தால்? கடையில் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். கலவை மாத்திரையில் 30 மில்லிகிராம் ஜிங்க், மல்டிவைட்டமினில் 15. சேர்ந்தால் 45. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40-தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறையும். ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் அதன் பின்னால் வரலாம். தேவையில்லாதவருக்கு இந்த ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

உண்மையான குறை பி12. சைவ உணவுக்காரியான எனக்கு அது எதிர்பார்க்கக்கூடியதே. அந்த மல்டிவைட்டமினில் பி12 ஒரே ஒரு மைக்ரோகிராம். அன்றாடத் தேவைக்கே பற்றாது, காலியான கையிருப்பை எப்படி நிரப்பும்? டாக்டர் தினம் 1000 மைக்ரோகிராம் பி12 மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்; மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சி செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரத்தம் கொடுக்கும்போது எடுத்த நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, சமீபத்திய காய்ச்சல், முதல் நாள் உடற்பயிற்சி, போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் கொடுங்கள். பயோட்டின் அதிகமுள்ள மாத்திரை என்றால் தைராய்டு எண்ணும் மாறிப்போகும். அதையும் மறக்காமல் எழுதுங்கள்.